சீசாவும் சேர்ந்ததுதான் வினா: செய்முறைத் தேர்வுக்குக் கேள்வி எழுதும் முறை

செய்முறைத் தேர்வின் வினா, எழுத்துத் தேர்வின் வினாவைப் போலத் தாளோடு முடிவதில்லை. தாளில் இருக்கும் நாலு வரியும், மேசையில் வைக்கப்படும் கரைசலும், திருத்துபவர் கையில் இருக்கும் விடையும் சேர்ந்துதான் ஒரு வினா. மூன்றில் ஒன்று மற்ற இரண்டோடு ஒத்துப்போகாவிட்டால், சரியாகச் செய்த மாணவருக்கும் மதிப்பெண் போய்விடும். வினா எழுதுபவரின் முன்னால் இருக்கும் செய்முறைக் கையேட்டில் சோதனையின் நோக்கம், தத்துவம், செய்முறை, அட்டவணை, எச்சரிக்கைகள் எல்லாம் இருக்கும். ஆனால் அது சோதனையைக் கற்றுக்கொடுக்க எழுதப்பட்டது. மாணவர் கற்றுக்கொண்டாரா என்று பார்க்க எழுதப்பட்டதல்ல. கையேட்டின் வரியை அப்படியே எடுத்து வினாத்தாளில் வைத்தால் என்ன ஆகும் என்பதை மேல்நிலை வகுப்பு வேதியியலில் வரும் ஒரே ஒரு சோதனையைக் கொண்டு பார்க்கலாம்.

ஆக்சாலிக் அமிலத்தை பொட்டாசியம் பெர்மாங்கனேட்டால் தரம்பார்க்கும் சோதனை அது. இதில் மூன்று கரைசல்கள் வருகின்றன. ஃபெர்ரஸ் அம்மோனியம் சல்பேட்டின் திறன் முன்பே தெரியும். அது திட்டக் கரைசல். பெர்மாங்கனேட்டின் திறன் தெரியாது. அது இணைப்புக் கரைசல். ஆக்சாலிக் அமிலத்தின் அளவைத்தான் கண்டுபிடிக்க வேண்டும். முதல் தரம்பார்த்தலில் திட்டக் கரைசலைக் கொண்டு பெர்மாங்கனேட்டின் திறனை அறிய வேண்டும். இரண்டாவதில் பெர்மாங்கனேட்டைக் கொண்டு ஆக்சாலிக் அமிலத்தின் திறனை அறிய வேண்டும். இரண்டிலும் பெர்மாங்கனேட் பியூரெட்டில் இருக்கும். அதன் ஊதா நிறமே முடிவைக் காட்டிக்கொடுக்கும் என்பதால் தனியாக நிறங்காட்டி வேண்டாம். கூம்புக் குடுவையில் வெளிர் இளஞ்சிவப்பு தோன்றி மறையாமல் நின்றால் முடிவுநிலை.

இந்தச் சோதனையில் வினா எழுதுபவருக்கு ஒரு வசதி இருக்கிறது. ஃபெர்ரஸ் உப்பைச் சூடாக்கக் கூடாது. சூடாக்கினால் காற்றிலுள்ள ஆக்சிஜனே அதை ஆக்சிஜனேற்றம் செய்யத் தொடங்கிவிடும். ஆக்சாலிக் அமிலத்தையோ 60 முதல் 70 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கியே ஆக வேண்டும். குளிர்ந்த நிலையில் வினை மிக மெதுவாக நடக்கும். ஒரே சோதனையில் ஒரு குடுவை குளிராகவும் மற்றொன்று சூடாகவும் இருக்க வேண்டும் என்பதால், புரிந்து செய்பவரும் மனப்பாடமாகச் செய்பவரும் இங்கே பிரிந்துவிடுவார்கள். சோடியம் ஹைட்ராக்சைடை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் தரம்பார்க்கும் சோதனையில் இந்த வாய்ப்பு கிடையாது.

முதலில் பலவீனமான வினா ஒன்று: "கொடுக்கப்பட்ட ஆக்சாலிக் அமிலத்தின் அளவைப் பெர்மாங்கனேட் கொண்டு கணக்கிடுக." கையேட்டில் சோதனையின் தலைப்புக்குக் கீழே 'நோக்கம்' என்று இருக்கும் வரியை ஒட்டிய வினா இது. எந்தக் கரைசல் திட்டக் கரைசல், அதன் திறன் என்ன என்பது இதில் இல்லை. எவ்வளவு கன அளவில் உள்ள அமிலத்தைக் கேட்கிறார்கள் என்பதும் இல்லை. விடை கிராமிலா, நார்மாலிட்டியிலா என்பதும் இல்லை. படிக ஆக்சாலிக் அமிலமா, நீரற்ற அமிலமா என்பதும் தெரியவில்லை. கடைசியாகச் சொன்னது சிறிய விஷயமாகத் தெரியலாம். படிக அமிலத்தின் ஒவ்வொரு மூலக்கூறோடும் இரண்டு நீர் மூலக்கூறுகள் இருப்பதால் அதன் சமான நிறை 63. நீரற்ற அமிலத்துக்கு 45. ஒரே அளவீட்டை வைத்து இரண்டு மாணவர்கள் இரண்டு விடை எழுதினால், இருவரையும் தவறென்று சொல்ல முடியாது.

அதையே இப்படி எழுதலாம்: "உங்களுக்குத் தரப்பட்டுள்ள கரைசலின் 750 மி.லி.யில் கரைந்துள்ள படிக ஆக்சாலிக் அமிலத்தின் நிறையைக் கிராமில் கண்டறிக. 0.1024 நார்மல் திறனுள்ள ஃபெர்ரஸ் அம்மோனியம் சல்பேட் திட்டக் கரைசலும், பெர்மாங்கனேட் இணைப்புக் கரைசலும் தரப்பட்டுள்ளன. படிக ஆக்சாலிக் அமிலத்தின் சமான நிறை 63." எது தெரிந்தது, எது தெரியாதது, விடை எந்த அலகில் வேண்டும் என்ற மூன்றும் இதில் வந்துவிட்டன. சூடாக்க வேண்டும் என்பதையும், நீர்த்த கந்தக அமிலம் சேர்க்க வேண்டும் என்பதையும் வினா சொல்லவில்லை; அவை மாணவருக்குத் தெரிந்திருக்க வேண்டியவை.

தெரியாத மாணவர் என்ன செய்வார்? தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பழக்கமாக இருக்கும் 'சுருக்கமான செய்முறை' இதற்குத்தான் உதவுகிறது. சோதனையைத் தொடங்குவதற்கு முன்பே பியூரெட் கரைசல் எது, பிப்பெட் கரைசல் எது, என்ன சேர்க்க வேண்டும், என்ன வெப்பநிலை, முடிவுநிலை எது என்று இரண்டு தரம்பார்த்தலுக்கும் சிறு அட்டவணையாக எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அதற்கான மதிப்பெண் அங்கேயே முடிந்துவிடுகிறது. வெப்பநிலையைத் தவறாக எழுதியவருக்கு அந்த ஒரு மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டு, சரியானதைச் சொல்லிச் சோதனைக்கு அனுப்பிவிடலாம். இல்லாவிட்டால் ஒரு மறதிக்காக முழுச் சோதனையின் மதிப்பெண்ணும் போகும். அவருடைய கை எவ்வளவு சுத்தமாக வேலை செய்கிறது என்பதைத் தேர்வாளரால் பார்க்கவே முடியாமல் போகும். வினாவின் ஒரு பகுதியில் ஏற்படும் தவறு அடுத்த பகுதியைக் கெடுக்காதபடி பிரித்து வைப்பது நல்ல வினாவின் அடையாளங்களில் ஒன்று.

அடுத்து சீசாவுக்கு வரலாம். மாணவர் எல்லாருக்கும் ஒரே ஆக்சாலிக் அமிலக் கரைசல் போனால், முதல் பத்து நிமிடத்துக்குள் முடித்தவரின் அளவீடு அறை முழுக்கப் பரவிவிடும். இதைத் தடுக்கப் பரவலாகக் கையாளப்படும் வழி, கேட்கும் கன அளவை மாற்றுவது: ஒருவருக்கு 500 மி.லி., இன்னொருவருக்கு 750, மற்றொருவருக்கு 1500. இது வெறும் ஒப்புக்குச் செய்வது என்றுதான் சொல்ல வேண்டும். பியூரெட் காட்டும் அளவு எல்லாருக்கும் ஒன்றாகவே இருக்கும். கடைசியில் பெருக்கும் எண் மட்டுமே மாறும். பக்கத்து மேசையின் அளவீட்டைக் கேட்டு எழுதியவர் தன் கன அளவால் பெருக்கிக்கொண்டால் வேலை முடிந்தது.

மாற்ற வேண்டியது கரைசலின் செறிவை. லிட்டருக்கு 5.2 கிராம், 5.8 கிராம், 6.6 கிராம், 7.2 கிராம் என நான்கு கரைசல்கள் தயாரித்தால் போதும். பெர்மாங்கனேட்டின் திறன் 0.1004 நார்மல் என்று வைத்துக்கொண்டால், 20 மி.லி. அமிலத்துக்கு முறையே 16.4, 18.3, 20.9, 22.8 மி.லி. பெர்மாங்கனேட் செலவாகும். இந்த எண்களுக்குள் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. பக்கத்துப் பக்கத்து அளவுகளுக்கு இடையே ஏறத்தாழ 2 மி.லி. இடைவெளி உள்ளது, ஒரு மாணவரின் சாதாரணப் பிழை இதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. ஆகவே யாராவது அடுத்தவரின் அளவீட்டை எழுதியிருந்தால் அது பிழையைப் போலத் தோன்றாது, அப்பட்டமாகத் தெரிந்துவிடும். லிட்டருக்கு 6.3 கிராம் என்ற அளவு வேண்டுமென்றே விடப்பட்டிருப்பது இரண்டாவது விஷயம். அது சரியாக 0.1 நார்மல், கையேட்டிலும் ரெக்கார்டு நோட்டிலும் வந்து வந்து பழகிய அளவு. தரம்பார்க்காமலே ஊகித்து எழுதுபவர் அதைத்தான் எழுதுவார்.

நான்கு அளவுகளும் 16 மி.லி.க்கும் 23 மி.லி.க்கும் நடுவில் நிற்பதற்கும் காரணம் உண்டு. பள்ளிகளில் புழங்கும் பியூரெட்டில் மிகச் சிறிய கோடு 0.1 மி.லி. தொடக்க அளவிலும் முடிவு அளவிலும் சேர்ந்து 0.1 மி.லி. பிழை வருவது இயல்பு. செலவாவது 20 மி.லி. என்றால் இது அரை சதவீதம், 5 மி.லி. மட்டுமே செலவானால் அதே பிழை 2 சதவீதமாகிவிடும். மாணவர் எதையும் தவறாகச் செய்யாமலே விடை தள்ளிப்போகும். எதிர்ப்பக்கமும் எல்லை இருக்கிறது. 50 மி.லி. பியூரெட்டை ஒருமுறை நிரப்பி இரண்டு அளவீடு எடுக்க முடியாத அளவுக்குச் செலவு போனால், நேரமும் பெர்மாங்கனேட்டும்தான் வீண்.

இப்போது 5.8 கிராம் சீசா கிடைத்த ஒரு மாணவரின் கணக்கைப் பார்க்கலாம். முதல் தரம்பார்த்தலில் 20 மி.லி. திட்டக் கரைசலுக்கு அவருக்கு 20.4 மி.லி. பெர்மாங்கனேட் செலவாகிறது. V₁N₁ = V₂N₂ என்ற வாய்பாட்டின்படி பெர்மாங்கனேட்டின் திறன் 20 × 0.1024 ÷ 20.4, அதாவது 0.1004 நார்மல். இரண்டாவதில் 20 மி.லி. அமிலத்துக்கு 18.3 மி.லி. செலவு. அமிலத்தின் திறன் 18.3 × 0.1004 ÷ 20, அதாவது 0.0919 நார்மல். இதை 63-ஆல் பெருக்கினால் லிட்டருக்கு 5.79 கிராம், 750 மி.லி.யில் 4.34 கிராம். சீசாவில் உண்மையில் இருப்பது 4.35 கிராம். மாணவர் கால் சதவீதத்துக்குள் வந்துவிட்டார்.

இதே மாணவருக்கு வினாத்தாளில் திட்டக் கரைசலின் திறன் '0.1 நார்மல்' என்று அச்சாகியிருந்தால்? கையேட்டில் அப்படித்தான் இருக்கிறது என்று எடுத்து எழுதுவது எளிது. அவர் அதே கவனத்தோடு அதே அளவீடுகளை எடுத்திருந்தாலும் கணக்கில் எல்லாமே 2.3 சதவீதம் குறைந்து, விடை 4.24 கிராம் ஆகியிருக்கும். 2 சதவீதப் பிழைக்குள் முழு மதிப்பெண் என்று திருத்தும் குறிப்பில் இருந்தால், வகுப்பில் ஆகச் சிறந்த கைக்கும் முழு மதிப்பெண் கிடைக்காது. திட்டக் கரைசலின் திறனை நான்கு தசம இடங்கள் வரை தர வேண்டும் என்பதற்குக் காரணம் இதுதான், அழகுக்காக அல்ல.

தாளில் எழுதியதற்கும் சீசாவில் இருப்பதற்கும் இடையே விரிசல் விழும் இடங்கள் இன்னும் சில. படிக அமிலத்துக்குப் பதிலாக அலமாரியில் இருந்த நீரற்ற அமிலத்தை யாராவது அதே எடையில் நிறுத்துப் போட்டுவிட்டால் கரைசலின் திறன் 1.4 மடங்காகிவிடும்; 18 மி.லி. செலவாக வேண்டிய இடத்தில் 25 மி.லி.க்கு மேல் போகும். பெர்மாங்கனேட் போதாமல் தேர்வின் நடுவில் இன்னொரு முறை கரைப்பது அதைவிட ஏமாற்றும். ஒரு மாணவர் முதல் தரம்பார்த்தலைப் பழைய கரைசலிலும் இரண்டாவதைப் புதிய கரைசலிலும் செய்தால் இணைப்பே அறுந்துபோகும். இருபது பேர் உள்ள ஒரு பிரிவுக்கு, பியூரெட்டைக் கழுவுவதையும் சேர்த்து ஆளுக்கு 150 மி.லி. என்று கணக்கிட்டு 3 லிட்டர் பெர்மாங்கனேட்டை ஒரே பாத்திரத்தில் ஒருமுறையில் தயாரித்து வைப்பது நல்லது. ஆக்சாலிக் அமிலம் நச்சு என்பதால், வாயால் உறிஞ்சாமல் பிப்பெட் பல்பைப் பயன்படுத்த வேண்டும் என்ற ஒரு வரியும் வினாத்தாளிலேயே இருக்க வேண்டும்.

எடை போட்டுக் கரைத்த கணக்கையே திருத்தும் விடையாக வைத்துக்கொள்ளக் கூடாது. தேர்வு நாள் காலையில் வினா எழுதியவரோ அகத்தேர்வாளரோ மாணவர் செய்வதைப் போலவே, அதே பியூரெட், அதே பிப்பெட்டில் நான்கு சீசாக்களையும் தரம்பார்த்து, வரும் அளவீட்டை விடையாகக் குறித்துக்கொள்ள வேண்டும். எடைத் தராசின் குறை, பாத்திரத்தின் குறை, முந்தைய இரவு கரைத்து வைத்ததால் வந்த மாற்றம் எல்லாமே அந்த அளவீட்டுக்குள் அடங்கிவிடும். வினாவில் சொல்லாமல் விட்ட ஏதாவது ஒன்று இல்லாமல் சோதனையைச் செய்ய முடியாது என்றால், அதுவும் அப்போதே தெரிந்துவிடும். தெர்மாமீட்டர் எத்தனை இருக்கின்றன என்பது போன்ற சங்கதிகள் தாளில் எழுதும்போது ஞாபகத்துக்கு வருவதில்லை.

வாய்மொழிக் கேள்விகளைக் கையேட்டின் கடைசியில் அச்சாகியிருக்கும் பட்டியலிலிருந்து எடுப்பதுதான் பெரும்பாலும் நடக்கிறது. "ஏன் சூடாக்குகிறோம்?" என்று கேட்டால் "வினையின் வேகத்தைக் கூட்ட" என்று பதில் வரும், குடுவையைத் தொட்டே பார்க்காதவரும் அதைச் சொல்வார். அதே கையேட்டுக்குள்ளிருந்து, செய்து பார்த்தால் மட்டுமே விடை கிடைக்கும் வினாவை எழுத முடியும். சூடான ஆக்சாலிக் அமிலத்தில் முதல் சொட்டு பெர்மாங்கனேட்டின் நிறம் மறையக் கொஞ்ச நேரம் எடுக்கும். அடுத்தடுத்த சொட்டுகள் விழுந்ததும் மறையும். வினையில் உண்டாகும் மாங்கனஸ் அயனிகளே வினையை முடுக்குவதுதான் காரணம். இதை வைத்து ஒரு வினா: "அ, ஆ என்ற இரு குடுவைகளில் 20 மி.லி. ஆக்சாலிக் அமிலமும் 20 மி.லி. நீர்த்த கந்தக அமிலமும் எடுத்துக்கொள்க. ஆ குடுவையில் மட்டும் ஒரு சிட்டிகை மாங்கனஸ் சல்பேட் சேர்க்க. இரண்டையும் சூடாக்காமல், ஒவ்வொன்றிலும் 1 மி.லி. பெர்மாங்கனேட் சேர்த்து, நிறம் மறையும் நேரத்தைக் குறிக்க. வேறுபாட்டுக்குக் காரணம் கூறுக."

இதில் புதிய வேதிப்பொருள் ஒன்றுதான். கருவிகளும் செயல்களும் கையேட்டில் பழகியவை. நேரம் ஒவ்வொரு அறையிலும் ஒவ்வொரு மாதிரி வரும் என்பதால் பக்கத்தில் பார்த்து எழுதப் பயனில்லை. திருத்துவதற்குத் துல்லியமான விநாடி தேவையில்லை. ஆ குடுவை முந்தியதா என்பதும், காரணமும் போதும். ஆனால் அறை வெப்பத்தில் அ குடுவை எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதை வினா எழுதுபவர் முன்பே செய்து பார்க்க வேண்டும். மாணவரைப் பத்து நிமிடம் சும்மா நிற்க வைக்கும் வினா நல்ல வினா அல்ல.

உப்புப் பகுப்பாய்வில் வேறு விதமான சிக்கல் உண்டு. அங்கே செறிவைப் பற்றிக் கவலையில்லை. ஆனால் உப்பே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். நீலப் படிகத்தைக் கண்டதும் மாணவர் தாமிரம் என்று முதலில் எழுதிவிட்டு, பிறகு சோதனைகளை அதற்கேற்றபடி நிரப்புவார். ஒரு பிரிவில் தரும் உப்புகளில் பெரும்பாலானவை வெள்ளை நிறமாக இருப்பது இதனால்தான் நல்லது.

மதிப்பெண் பிரிப்பில் அளவீட்டுக்கும் கணக்குக்கும் தனித்தனி இடம் வேண்டும். 20.4, 18.3 என்ற இரு அளவீடுகளையும் சரியாக எடுத்த மாணவர், வகுத்தலில் தடுமாறி 4.34-க்குப் பதில் 5.34 என்று எழுதலாம். கடைசி விடையை மட்டும் பார்த்தால் அவரும், எதையுமே செய்யாமல் எண் எழுதியவரும் ஒரே தட்டில் நிற்பார்கள். முதல் அளவீட்டை மாணவர் எடுத்ததும் தேர்வாளர் பியூரெட்டைப் பார்த்துத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டால், பிறகு அதைத் திருத்தி எழுத முடியாது. கணக்கு தவறினாலும் அளவீட்டின் மதிப்பெண் அளவீட்டுக்கே போகும். பெர்மாங்கனேட் அடர்நிறமாக இருப்பதால் திரவத்தின் மேல்விளிம்பைத்தான் பார்த்துப் படிக்க வேண்டும். கையெழுத்துப் போடும்போது அதையும் கவனித்துக்கொள்ளலாம்.

தேர்வு முடிந்தபின் விடைகளை ஒருசேரப் பார்த்தால் தவறு யாருடையது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். மாணவர்களின் விடைகள் உண்மை அளவுக்கு மேலும் கீழுமாகச் சிதறியிருந்தால் அது அவரவர் கைப்பிழை. எல்லாருடையதும் ஒரே பக்கம், ஏறத்தாழ ஒரே அளவு தள்ளியிருந்தால் பிழை சீசாவில் இருக்கிறது. உதாரணத்துக்கு, ஃபெர்ரஸ் கரைசலை இரண்டு நாள் முன்பே போதிய அமிலம் சேர்க்காமல் கரைத்து வைத்ததால், அதில் ஒரு பகுதி காற்றில் ஆக்சிஜனேற்றம் அடைந்து 4 சதவீதம் வலு குறைந்துவிட்டது என்று கொள்ளலாம். சீட்டில் இன்னும் 0.1024 என்றே இருக்கும். பெர்மாங்கனேட் 20.4-க்குப் பதில் 19.6 மி.லி. மட்டுமே செலவாகும், கணக்கில் அதன் திறன் உண்மையைவிடக் கூடுதலாக வரும், கடைசியில் எல்லாருடைய விடையும் 4.35-க்குப் பதில் 4.53 கிராமை ஒட்டி நிற்கும். அப்படி வந்தால் மீதமிருக்கும் திட்டக் கரைசலை, திறன் நிச்சயமாகத் தெரிந்த வேறொரு கரைசலோடு ஒப்பிட்டு மறுபடி தரம்பார்த்து, அந்தத் திறனை வைத்து மாணவர்களின் கணக்கைத் திரும்பப் போட்டு மதிப்பெண் தர வேண்டும். அதற்காகவே ஒவ்வொரு சீசாவிலும் கொஞ்சம் கரைசலை, விடைத்தாள் திருத்தி முடியும் வரை கொட்டாமல் மூடி வைத்திருப்பது அவசியம்.